மாத்திரை சாப்பிடும் அம்மாவிடம் பிள்ளையை விடமாட்டார்களா?

“எனக்கு 35 வயது. ஊர் வேலூர் பக்கம். கல்யாணமாகிப் பெங்களூரு வந்து 10 வருடம் ஆகிறது. ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மகளுக்கு 7 வயது. அவள் பிறந்த நாலாம் மாதம் எனக்கு டிப்ரஷன் வந்து 12 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதிலிருந்து மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். போன வருடம் நானும் கணவரும் பிரிந்துவிட்டோம். மகள் என்னோடு இருக்கிறாள். சனிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறு மாலை வரை அவரிடம் போய் வருகிறாள். பிரிந்த புதிதில் இரண்டு மாதம் நான் சரியாக இல்லை, அவள் பல நாள் பள்ளிக்கு லேட்டாகப் போனாள். இப்போது அவர் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கோர்ட்டில் போட்டு, ‘மனநோயாளியிடம் குழந்தை இருக்கக் கூடாது’ என்கிறார். எங்கள் இருவரையும் குழந்தையையும் அரசு மருத்துவமனையில் உளவியல் மதிப்பீடு செய்து அறிக்கை தரும்படி நீதிபதி உத்தரவிட்டிருக்கிறார். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. பத்து நாள் முன்னாலேயே மாத்திரையை நிறுத்திவிட்டால் டெஸ்டில் ஒன்றும் தெரியாது என்கிறார் சித்தி. என் கவுன்சலரிடம் ‘நல்ல தாய்’ என்று ஒரு லெட்டர் கேட்டேன். தர முடியாது என்றுவிட்டார். மகள் ‘அப்பா வீட்டுக்குப் போக மாட்டேன்’ என்று சொல்வதைப் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அறிக்கை எனக்கு எதிராக வந்தால் எல்லாம் முடிந்துவிடுமா?”
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒன்று. இதை மட்டும் இன்றைக்கே கேளுங்கள்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒருவேளை ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், இந்தக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு உங்கள் மனநல மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

மனச்சோர்வுக்கான மாத்திரையைத் திடீரென்று விட்டால் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளிலேயே உடம்பு காட்டிக்கொடுக்கும். தலைசுற்றல், தூக்கம் கெடுதல், காரணமில்லாத எரிச்சல், அழுகை, தலைக்குள் சுரீரென்று கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு. இதெல்லாம் அடங்குவதற்குள் பழைய மனச்சோர்வே திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. அதாவது, உங்கள் வாழ்க்கையின் முக்கியமான நேர்காணலுக்கு நீங்கள் மிக மோசமான நிலையில் போய் உட்காருவீர்கள். சித்தி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இந்த மதிப்பீட்டில் ரத்தம் எடுத்து மாத்திரையைக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் கிடையாது. மதிப்பீடு செய்யும் உளவியலாளர்களான நாங்கள் நேராகக் கேட்போம், நீங்கள் சொல்வீர்கள், சீட்டுகளைப் பார்ப்போம், அவ்வளவுதான். போதாததற்கு டிஸ்சார்ஜ் சம்மரி ஏற்கெனவே கோர்ட் ஃபைலில் இருக்கிறது. இனி மறைத்தால் அறிக்கையில் பதிவாகப் போவது உங்கள் நோய் அல்ல, நீங்கள் சொன்ன பொய்.

நான் மருத்துவ உளவியலாளர். நீதிமன்றம் அனுப்பும் குடும்பங்களைப் பார்த்து இந்த மாதிரி அறிக்கைகளை எழுதுவது என் வேலையின் ஒரு பகுதி. நீங்கள் மறைக்க நினைக்கும் இந்த ஏழு வருட மாத்திரையை எழுதுபவரின் இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். நோய் வந்தது. வைத்தியத்துக்குப் போனார். சொன்னபடி மருந்து எடுத்துக்கொண்டார். மறுபடி மோசமானபோது அதைத் தானே உணர்ந்து உதவி தேடினார். இதைத்தான் நாங்கள் நோய் குறித்த தெளிவு என்று எழுதுவோம். ஒருவர் பிள்ளையைப் பாதுகாப்பாக வளர்ப்பாரா என்று பார்க்கும்போது, நோய் இருக்கிறதா என்பதைவிட இந்தத் தெளிவுக்குத்தான் எடை அதிகம். மருந்துச் சீட்டுகள், டாக்டரைப் பார்த்த தேதிகள், கிடைத்தால் மருந்துக்கடை பில்கள், எல்லாவற்றையும் வருட வாரியாக ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு போங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் ஒன்று சொல்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 3, உட்பிரிவு 5: ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று தீர்மானித்ததை மட்டும் வைத்து அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, தகுதியுள்ள நீதிமன்றம் அப்படி அறிவித்தால்தான் உண்டு. ‘மனநோயாளி’ என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதிவிட்டதாலேயே நீங்கள் தாய் என்ற தகுதியை இழந்துவிடவில்லை. இந்தப் பிரிவையும், மனநோய்க்கான ஆதாரத்தை எதிர்த்தரப்பு மறுத்தால் நீதிமன்றம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பிரிவு 105-ஐயும் உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

சரி, மதிப்பீட்டுக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். ஷாரதா – தரம்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது: திருமண வழக்குகளில் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, மறுத்தால் மறுத்தவருக்குப் பாதகமாக அனுமானித்துக்கொள்ளலாம்.

அவர்கள் எதைத் தேடுகிறார்கள்

உங்கள் கடிதம் முழுக்க ஒரு பயம் ஓடுகிறது. ‘நான் நார்மலா இல்லையா என்று டெஸ்ட் பண்ணப் போகிறார்கள்’ என்ற பயம். இந்த அறிக்கை அந்தக் கேள்விக்கான பதில் இல்லை. இது மூன்று விஷயங்களைப் பற்றியது: இந்தக் குறிப்பிட்ட பிள்ளைக்கு இப்போது என்ன தேவை, அம்மாவும் அப்பாவும் அன்றாடம் என்ன செய்கிறார்கள், இந்த இரண்டும் எங்கே பொருந்துகின்றன, எங்கே இடிக்கின்றன. நோயின் பெயர் அறிக்கையில் வரலாம். வந்தால் அதற்கு அடுத்த வரியில், அந்த நோய் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டில் என்ன செய்கிறது என்று இருக்க வேண்டும். அது இல்லாத அறிக்கை அரைகுறை அறிக்கை.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். பல குடும்பங்களின் விவரங்களைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். பையனுக்கு 8 வயது. அம்மாவுக்கு உங்களைப் போலவே மனச்சோர்வு. அப்பா ஒழுங்கானவர், நல்ல சம்பளம், சொந்த வீடு. அப்பா தரப்பின் வாதம் ஒரே வரி: நோயாளி.

பள்ளி வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு பருவத்தில் பையன் 11 நாள் தாமதம். பையனிடம் காலையில் என்ன நடக்கும் என்று கேட்டேன். அலாரத்தை அவனே வைத்துக்கொண்டு எழுந்து, அம்மாவை எழுப்பிப் பார்த்து, அவர் எழாவிட்டால் பிஸ்கட் தின்றுவிட்டு ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். தாமதத்தைவிட இதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. பிள்ளை பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் நிலை அது. அம்மாவிடம் கேட்டேன். மழுப்பவில்லை. “ஆமாம், அந்த ரெண்டு மாசம் என்னால எழவே முடியல. அப்புறம் டாக்டர் மாத்திரை நேரத்தை மாத்தினாங்க. அக்கா பக்கத்துத் தெருவுலதான், காலைல ஆறரைக்கு வந்துடுவா” என்றார். பதிவேட்டிலும் அதற்கடுத்த பருவத்தில் தாமதம் ஒரே ஒரு நாள்தான்.

அப்புறம் அம்மாவும் பையனும் சேர்ந்து படம் வரையும் நேரம். ஸ்கெட்ச் பேனாவின் மூடி இறுகிக்கொண்டது. பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேனாவை அம்மா பக்கம் நீட்டினான். அவர் பேசிக்கொண்டே திறந்து கொடுத்தார். அவன் வாங்கி வரைந்தான். சில நொடிதான். ஆனால் பல நூறு முறை நடந்து பழகிய ஒன்றுதான் அப்படி நடக்கும்; சொல்லிக்கொடுத்து வராது. மறுநாள் அப்பாவோடு. அதே பேனா. பையன் பல்லால் இழுத்தான். அப்பா “என்னடா பண்ற” என்று வாங்கி, திருகி இழுக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, அவன் கையிலேயே திறக்கச் சொன்னார். அதுவும் நல்லதுதான், அதையும் எழுதினேன். ஆனால் பையனுக்கு ஆஸ்துமா. இன்ஹேலரை எந்தக் குழாயில் பொருத்தி எப்படி இழுக்க வைக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. “அதெல்லாம் அவங்க அம்மா பாத்துப்பாங்க” என்றார்.

இதை ஒருவர், ‘தாய்க்கு மனச்சோர்வு உள்ளது, எனவே குழந்தையைத் தந்தையிடம் ஒப்படைப்பது நலம்’ என்று எழுதிவிட முடியும். நான் எழுதிய சாரம் வேறு. தாயின் நோய் காலை நேரத்தைப் பாதித்தது. பிள்ளை வயதுக்கு மீறிய பொறுப்பைச் சுமந்தான். மருந்து நேரம் மாறியதாலும் பெரியம்மாவின் உதவியாலும் அது சரியாகியிருக்கிறது. அந்த ஏற்பாடு நின்றுபோனால் மறுபடி வரலாம். எனவே பையன் அம்மாவிடம் இருக்கட்டும்; காலை உதவி தொடர வேண்டும்; சிகிச்சைச் சுருக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கலாக வேண்டும்; வார இறுதியோடு புதன்கிழமை மாலையும் அப்பாவுக்கு; ஆனால் இரவு தங்குவதற்கு முன் அப்பா குழந்தை மருத்துவரிடம் இன்ஹேலர் பழகிக்கொள்ள வேண்டும். நீதிபதி இதில் சிலவற்றை ஏற்றார், சிலவற்றை மாற்றினார். அது அவருடைய அதிகாரம்.

உங்களுடைய அந்த இரண்டு மாதமும் இப்படித்தான் படிக்கப்படும். அதை நீங்களே முதலில் சொல்லுங்கள்: எந்த மாதம், எத்தனை நாள் தாமதம், மகள் என்ன சாப்பிட்டுப் போனாள், எப்படிச் சரி செய்தீர்கள், மறுபடி அப்படி ஆனால் யாரைக் கூப்பிடுவீர்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் உங்களிடம் இருக்க வேண்டும். இன்னும் இல்லையென்றால் இந்த மூன்று வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய வேலை அதுதான்.

அறைக்குள் நடப்பது

ஒரே நாளில் முடியாது. பெரும்பாலும் மூன்று, நான்கு தடவை வரச் சொல்வார்கள். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்வார்கள்: இங்கே பேசுவது ரகசியம் இல்லை, நீதிமன்றத்துக்குப் போகும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். பிறகு உங்களிடம் தனியாக, அவரிடம் தனியாக, மகளிடம் தனியாகப் பேசுவார்கள். ஒவ்வொருவரும் மகளோடு சேர்ந்து இருக்கும்போது கவனிப்பார்கள். பள்ளி ஆசிரியர், குழந்தை மருத்துவர், வீட்டில் இருக்கும் பெரியவர்கள் ஆகியோரிடமும் கேட்கலாம்.

கேள்வித்தாள்களும் தருவார்கள். ஆளுமையை அளக்கும் சில தாள்களில் ஐந்நூறுக்கும் மேல் வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று குறிக்க வேண்டும். ‘நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை’ என்பது போன்ற வாக்கியங்களும் நடுவில் வரும். எல்லாவற்றிலும் நல்லவராகக் காட்டிக்கொள்கிறவர்களைக் கண்டுகொள்ளத்தான் அவை. பிள்ளைக்காக வழக்காடும் பெற்றோர் கொஞ்சம் அப்படிக் காட்டிக்கொள்வது சகஜம் என்று எங்களுக்குத் தெரியும், அதற்கேற்பத்தான் படிப்போம். அளவு மீறினால் தாளே பயனற்றுப் போகும். இந்தத் தாள்கள் எதுவும் பிள்ளை வளர்ப்பை அளப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு எழுதியிருந்தால் அதைக் கேள்வி கேட்கலாம்.

மொழி விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். பெங்களூரில் மதிப்பீடு செய்கிறவர் கன்னடமோ இந்தியோ ஆங்கிலமோ பேசுகிறவராக இருக்கலாம். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் சமாளிப்பது வேறு, பிரசவத்துக்குப் பிறகு ஏன் அழுதுகொண்டே இருந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்வது வேறு. தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும், முடியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வக்கீல் மூலம் முன்கூட்டியே கேளுங்கள். மொழிபெயர்க்க உறவினர் யாரும் வேண்டாம். மகளுக்கும் எந்த மொழி சரளமோ அதில் பேச வேண்டும். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைகள் வீட்டு விஷயத்தைத் தமிழில்தான் விரிவாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் ‘ஃபைன்’, ‘நைஸ்’ என்று முடித்துவிடுவார்கள்.

உங்களிடம் நிச்சயம் கேட்கப்படும் ஒரு கேள்வி: அப்பாவாக அவரிடம் நல்லது என்ன? கோபம் எவ்வளவு இருந்தாலும் நிஜமான ஒன்றைச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்பதுகூடப் போதும். மகளுக்கும் அப்பாவுக்கும் உள்ள உறவை உங்கள் சண்டையிலிருந்து பிரித்துப் பார்க்க உங்களால் முடிகிறதா என்பதற்கான கேள்வி அது. இதற்காக நடந்த கொடுமையை மூடி மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடி, மிரட்டல், குடி இருந்திருந்தால் தேதியோடு, யார் பார்த்தார்கள் என்பதோடு முழுதாகச் சொல்லுங்கள்.

மகளுக்குச் சொல்லிக்கொடுப்பது

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் சங்கடப்படுத்திய இடம் இதுதான். பயத்தில் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் உங்கள் வழக்கை இதைப்போல் கெடுக்கக்கூடியது வேறெதுவும் இல்லை. மாத்திரை இல்லை, டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை, இதுதான்.

சொல்லிக்கொடுத்த பேச்சு எப்படித் தெரிந்துவிடும்? ஏழு வயதுப் பிள்ளை நிஜமாக நடந்ததைச் சொன்னால் அதில் தேவையில்லாத விவரங்கள் ஒட்டிக்கொண்டு வரும். டிவியில் என்ன ஓடியது, பாட்டி என்ன புடவை கட்டியிருந்தார், அப்போது நாய் குரைத்தது என்றெல்லாம் வரும். முன்னும் பின்னும் மாறும். அதற்கப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டால் பதில் இருக்கும். சொல்லிக்கொடுத்ததாக இருந்தால் வாக்கியம் ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில் வரும். அதற்கப்புறம் என்று கேட்டால் பிள்ளை நின்றுவிடும், அல்லது கதவைப் பார்க்கும். ‘டார்ச்சர்’, ‘செக்யூரிட்டி இல்லை’ போன்ற பெரியவர்கள் சொல் நடுவில் வந்து விழும். ஒரு சிறுமி என்னிடம் “எங்க அப்பாவால என் ஃபியூச்சர் பாதிக்கும்” என்றாள். ஃபியூச்சர் என்றால் என்ன கண்ணு என்று கேட்டேன். “தெரியாது ஆன்ட்டி” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நான் சரியா சொன்னேனா?” என்று கேட்டாள்.

உங்கள் மகளும் இதைத்தான் சுமப்பாள். சரியாகச் சொன்னால் அப்பாவுக்குத் துரோகம், தப்பாகச் சொன்னால் அம்மாவை இழந்துவிடுவோம் என்று நினைப்பாள். மதிப்பீடு முடிந்தும் வருடக்கணக்காக அந்த எண்ணம் போகாது.

அவள் நிஜமாகவே போக மறுக்கிறாளோ, அதற்கு ஒரு காரணம் இருக்கிறதோ என்னவோ. அங்கே படுக்கும் இடம் பிடிக்காமல் இருக்கலாம், உங்களைத் தனியே விட்டுப்போகப் பயப்படலாம், அங்கே ஏதாவது நடந்தும் இருக்கலாம். நீங்கள் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அந்த நிஜமான காரணத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால், அதைத் தோண்டி எடுக்க எங்களாலும் முடியாமல் போகும். அவளாகவே ஏதாவது சொல்லியிருந்தால், அவள் சொன்ன சொல் மாறாமல், தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைத்து மதிப்பீடு செய்பவரிடம் கொடுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். உடல்ரீதியான தவறான தொடுகை பற்றிய பேச்சாக இருந்தால் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. போக்சோ சட்டப்படி உடனே புகார் செய்ய வேண்டியது.

போன் பதிவுகளைப் பற்றி. கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததைத் திருமண வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது உங்கள் காதுக்கு வந்திருக்கும். அது இரண்டு பெரியவர்கள் தங்களுக்குள் பேசியது. கேமராவை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் “ஏன் போக மாட்டே? சொல்லு, சொல்லு” என்று கேட்பது வேறு. அதைப் பார்க்கும் எந்த உளவியலாளருக்கும் முதலில் கேட்பது உங்கள் குரல்தான். இருப்பதை அழிக்காமல் வக்கீலிடம் காட்டுங்கள். புதிதாக ஒன்றுகூட எடுக்காதீர்கள்.

எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு எதிராகப் பிள்ளையின் மனதைக் கலைக்கிறார் என்று உங்களைக் குற்றம்சாட்டக்கூடும். குறிப்பிட்ட செயல்களை அடையாளம் காணாமல் அவசரப்பட்டு ஒரு பெற்றோர்மேல் அந்த முத்திரையைக் குத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. அது உங்களுக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது அந்தக் குறிப்பிட்ட செயலேதான்.

இன்றிரவு மகளிடம் இப்படிப் பேசுங்கள். “அம்மா உனக்கு என்ன சொல்லணும்னு சொல்லிக்கொடுத்தேன்ல, அது தப்பு. அம்மா பயத்துல சொல்லிட்டேன். நாம ஒரு டாக்டரைப் பார்க்கப் போறோம். ஊசியெல்லாம் இல்ல. பேசுவாங்க, வரையச் சொல்வாங்க. உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. நீ என்ன சொன்னாலும் அம்மா கோவிச்சுக்க மாட்டேன், அப்பாவும் கோவிச்சுக்க மாட்டாங்க. நீ எங்க இருக்கணும்னு முடிவு பண்றது ஜட்ஜோட வேலை, உன் வேலை இல்ல.” ஒரு தடவை போதும். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். நேர்காணலில், “பயத்தில் சொல்லிக்கொடுத்தேன், இந்தத் தேதியில் நிறுத்திவிட்டேன்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எப்படியும் தெரியவரப் போகிற ஒன்று, உங்கள் வாயிலிருந்து முதலில் வருவது நல்லது.

கவுன்சலர் ஏன் மறுத்தார்

அவர் உங்களைக் கைவிடவில்லை. சிகிச்சை தருகிறவரும் நீதிமன்றத்துக்காக மதிப்பிடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை நெறி. அவர் உங்கள் பக்கத்தை மட்டும் கேட்டவர். உங்கள் கணவரைப் பார்த்ததில்லை, மகளோடு நீங்கள் இருக்கும்போது கவனித்ததில்லை. ‘நல்ல தாய்’ என்று அவர் எழுதினால் குறுக்கு விசாரணையில் இரண்டே கேள்வியில் அந்தக் கடிதம் கிழிந்துவிடும். நாளை சிகிச்சைக் குறிப்புகளையும் கொண்டுவா என்பார்கள். அவரால் தர முடிந்ததைக் கேளுங்கள்: எந்தத் தேதியிலிருந்து வருகிறீர்கள், எதற்காக, ஒழுங்காக வருகிறீர்களா, இப்போது நிலை என்ன. அந்தச் சிகிச்சைச் சுருக்கம் ஒரு பக்கம் இருந்தால் போதும். மருந்து தரும் டாக்டரிடமும் இதேபோல் ஒன்று.

அறிக்கை வந்த பிறகு

எதிராக வந்தால் எல்லாம் முடிந்துவிடாது. 1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம், பிரிவு 12-இன்படி நீதிமன்றம் நிபுணரின் உதவியைப் பெறுகிறது. பிரிவு 14-இன்படி அறிக்கையைச் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறது. தீர்ப்பு எழுதுவது நீதிபதிதான். அவர் பார்ப்பது பிள்ளையின் நலன். ஐந்து வயது வரை சாதாரணமாகத் தாயிடம் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டதால் ‘அம்மாவுக்குத்தான்’ என்று அசட்டையாக இருந்துவிட முடியாது. அப்பாவுக்குத்தான் என்றும் இல்லை.

அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். முடிவுப் பத்தியை முதலில் படிக்காதீர்கள். இருவரையும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் பார்த்தார்களா, மகளோடு இருவரையும் தனித்தனியே கவனித்தார்களா, பள்ளியில் விசாரித்தார்களா, எந்த மொழியில் பேசினார்கள், நோயிலிருந்து முடிவுக்கு வரும் வழியில் உங்கள் வீட்டில் நடக்கும் நிஜமான காரியம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எழுதியவர் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். ஓட்டை இருந்தால் ஆட்சேபனை தாக்கல் செய்யலாம், அறிக்கை எழுதியவரைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்கலாம். மறுமதிப்பீடு கேட்பதை மட்டும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மகள் மறுபடி ஒரு புது அறையில் ஒரு புது ஆளிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளைப் பொறுப்பு பற்றிய உத்தரவு எதுவும் கல்வெட்டு இல்லை, சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம்.

இடையில் வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் அவள் அப்பாவிடம் வழக்கம்போல் போகட்டும். அங்கே பாதுகாப்புப் பிரச்சினை இருக்கிறது என்றால் நீங்களாக நிறுத்தாமல் வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் சொல்லி உத்தரவு வாங்குங்கள்.

மருத்துவமனையில் காத்திருப்பு நீளும். காலையில் நன்றாகச் சாப்பிடவைத்து, தண்ணீர், ஒரு நோட்டு, கலர் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்களுக்கும் அவருக்கும் வேறு வேறு நேரம் தரச் சொல்லிக் கேளுங்கள். அப்படியும் ஒரே வராந்தாவில் உட்கார நேர்ந்து, அவரைப் பார்த்ததும் மகள் ஓடினால், ஓடவிடுங்கள். அவளுடைய தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தனுப்புங்கள்.